மருதமுனைச் சாறனும் குழந்தைக் கைத்தொழில் வாதமும்: 1977க்கு முன்னும் பின்னும்

கிழக்கிலங்கையின் நெசவூரான மருதமுனையில் தறியைப் பற்றிப் பேச்சு எடுத்தால் வயதானவர்கள் வாயில் 1970ஓ 1977ஓ வராமல் இருக்காது. முதலாவது, வெளிநாட்டுத் துணி வராமல் அடைத்துவைத்த காலம் இறுகத் தொடங்கிய வருடம். மற்றது, அந்த அடைப்பைத் திறந்துவிட்ட வருடம். அடைத்திருந்தபோது வீட்டுக்கு வீடு தறிச் சத்தம், திறந்ததும் தறி படுத்துவிட்டது, ஆகவே இன்னும் ஒரு பத்து வருடம் அடைத்துத் தந்தால் நாங்கள் எழும்பிவிடுவோம். கல்முனைப் பக்கத்தில் இதைக் கேட்காத ஆள் இருக்கமாட்டார். கோரிக்கை நியாயமானதாகத்தான் தெரிகிறது. உயர்தரப் பொருளியல் படித்தவர்களுக்கு அதன் பெயரும் தெரியும்: குழந்தைக் கைத்தொழில் வாதம்.

நான் இங்கே செய்யப்போவது அந்த வாதத்தை ஒரே ஒரு பொருளில், கைத்தறிச் சாறனில், வைத்துப் பார்ப்பது. என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். 1970 முதல் 1977 வரை பாதுகாப்பு இருந்தது, ஆனால் அந்தப் பாதுகாப்பு எதை வளர்க்கவேண்டுமோ அது நெசவில் இல்லை. அது இருந்தது சாயத்தில். சாயத்தை அன்றைக்கும் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை, இன்றைய கோரிக்கைகளிலும் அது இல்லை.

வாதம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளவேண்டும், ஏனென்றால் மேடைகளில் அதைப் பாதி மட்டும்தான் சொல்கிறார்கள். 1791இல் அமெரிக்காவின் நிதிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹமில்டன் கைத்தொழில் பற்றிய தன் அறிக்கையில் இதை எழுதினார், 1841இல் ஜெர்மனியின் பிரீட்ரிஷ் லிஸ்ட் விரித்து எழுதினார். முன்னே ஓடத் தொடங்கிய நாட்டுக்குப் பழக்கம் கூடியிருக்கும், செலவு குறைந்திருக்கும். பின்னே வருகிற நாடு அதே வேலையைச் செய்யும் இயல்பு உள்ளதாக இருந்தாலும் முதல் வருடங்களில் விலையில் அடிபடும். அந்த வருடங்களைக் கடக்க ஒரு மறைப்புக் கொடுத்தால் பிறகு சொந்தக் காலில் நிற்கும். இதுதான் வாதம். சுதந்திர வர்த்தகத்தின் பக்கம் நின்ற ஜோன் ஸ்டூவர்ட் மில் 1848இல் இதை ஏற்றுக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு: பாதுகாப்பு தற்காலிகமாக இருக்கவேண்டும், அது எடுக்கப்பட்ட பிறகு அந்தத் தொழில் தானாக நிற்கும் என்று நம்ப நல்ல காரணமும் இருக்கவேண்டும். பிறகு வந்த பாஸ்டபிள் என்ற பொருளியலாளர் இன்னொரு நிபந்தனை வைத்தார். தானாக நின்றால் மட்டும் போதாது, நின்ற பிறகு வருகிற இலாபம் அந்தப் பாதுகாப்புக் காலத்தில் மக்கள் கொடுத்த கூடுதல் விலையை வட்டியோடு ஈடுசெய்யவேண்டும் என்றார். இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

சரி, மருதமுனைக்கு வருவோம். இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு 1960களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அந்நியச் செலாவணி போதாததுதான் காரணம், கைத்தொழிலை வளர்க்கும் திட்டம் என்று அது தொடங்கவில்லை. 1970இல் வந்த ஆட்சியில் அது இன்னும் இறுகியது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துணி வராது, வருவதும் குறைவு. ஊரில் உடுக்கத் துணி வேண்டும், கடையில் இல்லை, ஆகவே தறியில் இருந்து எது இறங்கினாலும் விற்றது. 1977 ஜூலையில் ஆட்சி மாறியது. அந்த வருட நவம்பர் வரவுசெலவுத் திட்டம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் பெரும்பகுதியை எடுத்துத் தீர்வைகளாக மாற்றியது, ரூபாயின் மதிப்பையும் இறக்கியது. இந்தத் திகதிகளைக் கவனியுங்கள். கதவைப் பூட்டிய நாளில் எப்போது திறப்போம் என்று யாரும் சொல்லவில்லை. திறந்த நாளிலும் முன்னறிவித்தல் கிடையாது. குழந்தை எந்த வயதில் நடக்கவேண்டும் என்று குறிக்காமல் வளர்த்து, ஒரே நாளில் தெருவில் இறக்கிவிட்ட மாதிரித்தான் நடந்தது.

ஆனால் திகதி குறித்திருந்தால் மட்டும் தறி நின்றிருக்குமா? நின்றிருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதற்குத் தறியின் பக்கத்தில் போய் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இழுப்புக் கயிறு பூட்டிய கைத்தறியில், கை பழகிய நெசவாளி ஒரு நிமிடத்தில் அறுபது தடவை அளவில் நாடாவை எறிவார். சாறன் துணியில் ஓர் அங்குலத்துக்கு அறுபது குறுக்கிழை என்று வைப்போம். அப்படியென்றால் நிமிடத்துக்கு ஓர் அங்குலம். எட்டு மணித்தியாலம் என்றால் 480 அங்குலம், ஆனால் இழை அறும், நாடாவில் நூல் முடியும், கரை மாறும் இடத்தில் நிற நூலை மாற்றவேண்டும், தேநீர் குடிக்கவேண்டும். அதனால் அறுபது வீதம் ஓடினால் நல்ல நாள். அது 288 அங்குலம், ஏறக்குறைய ஏழு மீற்றர். ஒரு சாறனுக்கு இரண்டு மீற்றர் துணி போகும், ஆகவே ஒரு நாளுக்கு மூன்றோ மூன்றரையோ சாறன். இப்போது பழைய மாதிரி விசைத்தறி ஒன்றை எடுப்போம். நிமிடத்துக்கு 150 தடவை, எண்பது வீதம் ஓடும், எட்டு மணித்தியாலத்தில் 24 மீற்றர். அதில் ஒரு ஆள் ஆறு தறியைப் பார்ப்பார். ஒரு ஆளுக்கு 146 மீற்றர், அதாவது இருபது மடங்கு. இவை நான் போட்ட சாதாரண எடுத்துக்காட்டு எண்கள், துணிக்குத் துணி மாறும். ஆனால் இருபது மடங்கு பத்து மடங்காகக் குறைந்தாலும் கதை மாறாது.

குழந்தைக் கைத்தொழில் வாதம் முழுக்க முழுக்க ஒரு வளைகோட்டில் நிற்கிறது: செய்யச் செய்யச் செலவு குறையும் என்ற வளைகோடு. 1936இல் ரைட் என்ற பொறியியலாளர் விமானத் தொழிற்சாலைகளில் இதை அளந்து காட்டினார், மொத்த உற்பத்தி இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு விமானத்துக்கான உழைப்பு ஒரு குறிப்பிட்ட வீதத்தால் குறைந்துகொண்டே வந்தது. கைத்தறி நெசவில் அந்த வளைகோடு உண்டா? உண்டு, ஆனால் மிகக் குட்டை. புதிதாக உட்காருகிற பிள்ளை முதல் மாதங்களில் ஒரு நாளுக்கு ஒரு மீற்றரில் இருந்து நாலு, ஐந்து மீற்றருக்கு ஏறும், பிறகு ஏழில் வந்து நின்றுவிடும். அதற்கு மேல் மனிதக் கையும் காலும் போகாது. மருதமுனை 1970இல் நெசவு கற்க உட்கார்ந்த ஊர் அல்ல, தலைமுறை தலைமுறையாக நெய்த ஊர். வளைகோட்டின் முடிவில் நின்றுகொண்டிருந்த ஊருக்கு, வளைகோட்டின் தொடக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுக்கிற மருந்தைக் கொடுத்தார்கள். ஏழு வருடம் மட்டுமில்லை, எழுபது வருடம் கொடுத்திருந்தாலும் நெசவுச் செலவு குறைந்திருக்காது. நெசவாளிகளின் சோம்பல் அல்ல காரணம், அவர்களுடைய கை ஏற்கெனவே உச்சத்தில் இருந்தது.

இதை மறுபக்கத்தில் இருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். நெப்போலியன் காலத்தில், 1806க்குப் பிறகு, பிரித்தானியாவோடு ஐரோப்பா வணிகம் செய்யக்கூடாது என்று ஒரு முற்றுகை நடந்தது. பிரித்தானியப் பஞ்சு நூல் பிரான்சின் வடபகுதிக்கு வருவது மிகக் கடினமாகிவிட்டது, தென்பகுதிக்குக் கள்ளவழிகளில் வந்துகொண்டே இருந்தது. ரேகா யுஹாஸ் என்ற பொருளியலாளர் மாவட்டம் மாவட்டமாக ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார். அதிகம் அடைபட்ட வடபகுதியில் இயந்திர நூற்பு வளர்ந்தது, முற்றுகை முடிந்த பிறகும் அது நிலைத்தது. அங்கே வாதம் பலித்தது, ஏனென்றால் இயந்திர நூற்பு அப்போது பிரான்சுக்குப் புதுத் தொழில்நுட்பம், கற்கவேண்டியது நிறைய இருந்தது. அடைப்பு இருந்ததா இல்லையா என்பதைவிட, அடைப்புக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதே வித்தியாசம்.

நூல் என்ற இன்னொரு கதை

ஒருநாள் மருதமுனையில் பழைய தறி முதலாளி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, "அந்தக் காலத்துல நல்ல உழைப்பு என்ன காக்கா?" என்று கேட்டேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

"தம்பி, சாறன் விக்கிறது பிரச்சினை இல்ல. நூல்தான் பிரச்சினை. சங்கத்துல தாற நூல் பாதி மாசத்துக்குக் காணாது. மிச்சத்துக்கு வெளியில போனா விலையக் கேட்டுத் தலை சுத்தும். உழைச்சது நூல் வச்சிருந்தவன்."

இந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதைத்தான் பொருளியலில் பயனுறு பாதுகாப்பு என்கிறார்கள். பெயர் கடினம், கணக்கு சுகம். வெளிநாட்டுச் சாறன் ஒன்று 1000 ரூபாய் என்று வைப்போம். அதற்குள் நூலும் சாயமும் 600 ரூபாய். மிச்சம் 400 ரூபாய்தான் நெசவு வேலைக்கான பெறுமதி, தறிக்காரனும் நெசவாளியும் பங்கிடுவது அதைத்தான். இப்போது சாறனுக்கு 30 வீதத் தீர்வை, நூலுக்கு ஒன்றும் இல்லை என்றால் உள்ளூர்ச் சாறனை 1300க்கு விற்கலாம், நூலுக்கு 600 போக 700 மிஞ்சும். 400 எழுநூறாகிவிட்டது, ஆகவே நெசவுக்குக் கிடைத்த உண்மையான பாதுகாப்பு 75 வீதம். அதே நேரம் சாறனுக்கு 10 வீதமும் நூலுக்கு 30 வீதமும் என்று மாற்றிப் பாருங்கள். சாறன் 1100, நூலும் சாயமும் 780, மிச்சம் 320. பாதுகாப்புக் கொடுத்தோம் என்று அறிவித்துவிட்டு நெசவாளியிடம் இருந்து 80 ரூபாயைப் பிடுங்கியிருக்கிறோம்.

நூலுக்குத் தீர்வை போடாவிட்டாலும், கோட்டா போட்டுத் தட்டுப்பாடாக்கினால் அதே வேலைதான் நடக்கும். துணியை அடைத்த அதே அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு நூலையும் சாயத்தையும் அடைத்தது. காக்கா சொன்னதுபோல, பாதுகாப்பின் பணம் தறி வீட்டுக்குள் போகாமல் நூல் கட்டோடு வெளியே நின்றுவிட்டது. இன்றைக்கும் யாராவது இறக்குமதிச் சாறனுக்கு வரி கேட்டால் நான் முதலில் கேட்பது, நூலுக்கும் சாயத்துக்கும் இப்போது தீர்வை, செஸ், துறைமுக வரி எல்லாம் சேர்த்து எவ்வளவு போகிறது என்பதைத்தான். இலங்கையில் சுங்கத் தீர்வைக்கு மேலே ஏறுகிற இந்தப் பக்க வரிகளைக் கூட்டாமல் பாதுகாப்பு எவ்வளவு என்று சொல்லவே முடியாது.

யார் கொடுத்த காசு

பாஸ்டபிளின் கணக்குக்கு வருகிறேன். இதை எளிமையாக வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்துக்கு ஒரு இலட்சம் சாறன், பாதுகாப்பினால் ஒவ்வொன்றுக்கும் வாங்குகிறவர் 300 ரூபாய் கூடக் கொடுக்கிறார், ஐந்து வருடத்துக்கு. வருடத்துக்கு மூன்று கோடி. பத்து வீத வட்டியில் அதை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 11.4 கோடி. ஆறாவது வருடத்தில் இருந்து உள்ளூர்ச் சாறன் இறக்குமதி விலைக்கு வந்துவிட்டது என்று வைப்போம். மில்லின் நிபந்தனை நிறைவேறிவிட்டது, குழந்தை நடந்துவிட்டது. ஆனால் 11.4 கோடி திரும்ப வந்ததா? ஒரு சதமும் வரவில்லை. அது திரும்ப வரவேண்டும் என்றால் ஆறாவது வருடத்தில் இருந்து என்றென்றைக்கும் வருடத்துக்கு ஏறக்குறைய 1.8 கோடி மிச்சப்படவேண்டும். அதாவது ஒவ்வொரு சாறனும் இறக்குமதிச் சாறனைவிட 180 ரூபாய் அளவில் மலிவாக இருக்கவேண்டும். சமமாக வந்தால் போதாது, முந்தவேண்டும்.

அந்த 300 ரூபாயைக் கொடுப்பவர் யார் என்பதும் எனக்கு முக்கியம். சாறன் வாங்குகிறவர் சம்மாந்துறையில் வயலில் இறங்குகிற கூலியாள், அக்கரைப்பற்றில் கரைவலை இழுக்கிறவர், படுவான்கரையில் மாடு பார்க்கிறவர். நெசவாளியும் ஏழைதான், ஆனால் அவருக்கு உதவுகிற காசை இன்னொரு ஏழையின் இடுப்பில் இருந்து எடுக்கிற வழி இது, அதுவும் எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் தெரியாத வழி. மானியமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று வருடாவருடம் எழுதிவைக்கவேண்டும், நாடாளுமன்றத்தில் கேள்வி வரும். தீர்வையில் அந்தக் கேள்வி வராது, அதனால்தான் தற்காலிகம் என்று தொடங்கியது நிரந்தரமாகிவிடுகிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும், அதை நான் மதிக்கிறேன். நெசவு வீட்டோடு இருந்து பெண்கள் செய்கிற வேலை, போருக்குள்ளும் 2004 சுனாமிக்குப் பிறகும் பல குடும்பத்தைத் தாங்கிய வேலை, அதைக் கணக்குப் போட்டு மூடலாமா என்று கேட்பார்கள். மூடச் சொல்லவில்லை. அந்த வேலையைக் காப்பாற்றவேண்டும் என்றால் அதற்கு வேறு நியாயம் இருக்கிறது, வேலைவாய்ப்பு என்ற நியாயம், கைவண்ணம் என்ற நியாயம். அவற்றை அப்படியே சொல்லிப் பொதுப் பணத்தில் இருந்து வெளிப்படையாகக் கொடுக்கலாம். குழந்தைக் கைத்தொழில் என்று சொன்னால் "எப்போது வளர்ந்து முடியும்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கும், அந்தப் பதில் நெசவில் கிடையாது. இந்தியா 1985இல் கைத்தறிக்கென்று சில துணி வகைகளைச் சட்டத்தால் ஒதுக்கியது. பிறகு அந்தப் பட்டியலைக் குறைத்தும்விட்டது, உள்நாட்டு விசைத்தறிகளே அதே துணியை நெய்ததைத் தடுப்பதும் பெரும்பாடாக இருந்தது. உள்நாட்டுக்குள்ளேயே இருபது மடங்கு வேகமான போட்டி இருக்கும்போது துறைமுகத்தை மூடி என்ன பயன்?

கற்க இடம் இருந்த பக்கம்

இனிச் சாயத்துக்கு வருகிறேன். கைத்தறிச் சாறனுக்கு வருகிற முறைப்பாடுகளில் பழையது சாயம் போவது. புதுச் சாறனைத் துவைத்தால் வாளித் தண்ணீர் சிவக்கும், கூடப் போட்ட வெள்ளைச் சேட்டில் பிடிக்கும். இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம்: வெள்ளைத் துணித்துண்டை நனைத்துப் பிழிந்து, சாறனின் கரும் நிறத்தில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள், துண்டில் நிறம் ஏறினால் அந்தச் சாறன் வீட்டுக்குப் போய் வேலை காட்டும்.

பருத்தி நூலுக்கு இப்போது பெரும்பாலும் போடுவது நூலோடு வேதியியலாகச் சேர்ந்துவிடுகிற வகைச் சாயம். முதலில் உப்புப் போட்டுச் சாயத்தை நூலுக்குள் தள்ளவேண்டும், பிறகு சோடா போட்டு அதைப் பிடிக்கவைக்கவேண்டும், பிறகுதான் பலர் குறைக்கிற படி வருகிறது: சேராமல் நூலில் ஒட்டிக்கொண்டு நிற்கிற மிச்சச் சாயத்தைக் கொதிநீரில் சவர்க்காரம் போட்டு, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசியெடுப்பது. அதற்கு விறகு வேண்டும், தண்ணீர் வேண்டும், நேரம் வேண்டும். இரண்டு அலசலில் நிறுத்தினால் நூல் பார்க்க இன்னும் அழகாக, ஆழமாக இருக்கும். அந்த அழகுதான் பிறகு வாளியில் இறங்குகிறது. அதோடு நம் கரையோரக் கிணற்றுத் தண்ணீர் கடினம், சில இடத்தில் உவர். கடின நீரில் சாயம் ஒழுங்காகப் பிடிக்காது, இந்த மாதம் போட்ட பச்சையும் அடுத்த மாதம் போட்ட பச்சையும் ஒன்றாக இராது. கொழும்பில் இருந்து ஒரு கடை அதே நிறத்தில் இன்னும் இருநூறு கேட்டால் கொடுக்கமுடியாமல் போவது இங்கேதான்.

இதில் கற்றல் வளைகோடு உண்டு, நீளமாகவே உண்டு. நிறைபார்த்து எழுதிய செய்முறைப் புத்தகம், தண்ணீரின் தன்மையைத் திருத்துவது, சூட்டை அளப்பது, நிறமாதிரி அட்டை வைத்து ஒப்பிடுவது என்று ஒவ்வொரு தொகுதியிலும் வீணாவது குறையும். ஆனால் தனி ஒரு தறி முதலாளி இதில் காசு போடமாட்டார், அவர் போடாததற்குக் காரணமும் நியாயமானது. அவர் இரண்டு வருடம் செலவழித்து ஒரு சாயக்காரரைப் பழக்கினால் அந்த ஆள் அடுத்த தெருவுக்குக் கூடுதல் சம்பளத்துக்குப் போய்விடுவார், செய்முறையும் கூடப் போகும். புதுக் கரை மாதிரி ஒன்று இறக்கினால் ஒரு கிழமையில் நாலு வீட்டில் அது ஓடும். செலவு ஒருவருக்கு, பலன் ஊருக்கு என்ற இந்த இடம்தான் பாதுகாப்பு வாதத்தின் உண்மையான இடம். வங்கி கடன் தராததற்கும் அதுவே காரணம்.

அப்படியென்றால் தீர்வை போட்டால் அது சரியாகுமா? ஆகாது. 1969இல் ரொபேர்ட் பால்ட்வின் என்ற பொருளியலாளர் கேட்ட கேள்வி இதுதான். தீர்வை சாறனின் விலையை உயர்த்துகிறது, சாயக்காரரைப் பழக்கியவருக்கும் பழக்காதவருக்கும் ஒரேயளவில் உயர்த்துகிறது. பழக்கியவருக்கு மட்டும் செலவு. ஆகவே தீர்வைக்குப் பிறகும் காத்திருந்து பார்த்துச் செய்வதுதான் இலாபம். 1970 முதல் 1977 வரைக்கும் சாயத்தில் யாரும் காசு போடாமல் விட்டதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: எது நெய்தாலும் விற்கிற சந்தையில், நாலாவது அலசலுக்கு விறகு வாங்க எவருக்கும் காரணம் இல்லை. பாதுகாப்பு கற்றலுக்கு உதவவில்லை என்பது மட்டுமல்ல, சாயம் போகிற சாறனுக்கும் சந்தை கொடுத்துக் கற்றலைத் தள்ளிப்போட்டது.

ஆகவே ஊர் இன்றைக்கு ஒரு கோரிக்கை எழுதுவதாக இருந்தால், இறக்குமதிச் சாறனைத் தடுக்கக் கேட்கிற வாசகத்தை வெட்டிவிட்டு, நூலுக்கும் சாயத்துக்கும் உள்ள வரிகளை எடுக்கச் சொல்லி முதலில் எழுதுவேன். அடுத்ததாக ஒரு பொதுச் சாயச்சாலை, தண்ணீர் திருத்தும் தொட்டியோடும் கழிவுநீர் தொட்டியோடும், ஏனென்றால் உப்பும் சோடாவும் கலந்த அந்த நீரைக் கடற்கரை மணலில் விட்டால் பக்கத்துக் கிணறுகளுக்குப் போகும். அதற்கான பணம் வரவுசெலவுத் திட்டத்தில் தனிச் செலவாகத் தெரியவேண்டும், வருடாவருடம் குறைந்து ஐந்தாம் வருடத்தில் நிற்கிற மாதிரி. தென்கொரியா 1960களில் கடனையும் சலுகையையும் ஏற்றுமதி இலக்கோடு கட்டியது போல, இங்கே நிபந்தனையைத் தரத்தோடு கட்டலாம். மாதாமாதம் இரண்டு எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும்: ஈரத் துணித் தேய்ப்பில் தோற்ற கட்டுகள் நூற்றுக்கு எத்தனை, ஒரு கிலோ நூலுக்குச் சாயமிடும் செலவு எவ்வளவு. இரண்டாவது வருட முடிவில் இந்த இரண்டும் இறங்காவிட்டால் மூன்றாவது வருடப் பணத்தை விடக்கூடாது. நெசவாளிகளில் சிலர் இதை ஏற்கமாட்டார்கள், அவர்கள் கேட்பது உடனே விலை உயர்வு. அதை அவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லித்தான் ஆகவேண்டும், 1977 நவம்பரில் அவர்களுடைய வாப்பாமாருக்கு யாரும் சொல்லவில்லை.